ஒரே இரும்புக் குழாய், நான்கு விடைகள்: தூண் நெளிவும் மெலிவு விகிதமும்

60 மி.மீ. வெளிப்பக்க அளவும் 4 மி.மீ. சுவர்த்தடிமனும் உள்ள ஒரு சதுர எஃகுக் குழாய். நீளம் 3 மீட்டர். அதை நேராக நிறுத்தி மேலே சுமை வைக்கிறோம். எவ்வளவு தாங்கும்?

எஃகின் வலிமையை மட்டும் பார்த்தால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். குறுக்குவெட்டுப் பரப்பு 60² − 52² = 896 சதுர மி.மீ. சாதாரணக் கட்டுமான எஃகு ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் வரை தாங்கி, அதற்கு மேல் மீளாமல் இளகத் தொடங்கும். இதை யீல்டு தகைவு என்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 224 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 23 டன்.

உண்மையில் இந்தக் குழாய் அவ்வளவு தாங்காது. அதன் இரு முனைகளையும் எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து, தூண்களுக்கான ஆய்லர் சூத்திரம் நான்கு வெவ்வேறு விடைகளைத் தருகிறது: 26, 103, 211, 413 கிலோ நியூட்டன். கடைசி விடையைக் கவனியுங்கள். எஃகு இளகிவிடும் 224-ஐவிட அது பெரியது! அப்படி ஒரு சுமையை இந்தக் குழாய் ஒருபோதும் தாங்காது. சூத்திரத்தில் பிழை இல்லை, பெருக்கலிலும் பிழை இல்லை. ஆனாலும் விடை பொய். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் மெலிவு விகிதச் சோதனையின் வேலை.

தூண் ஏன் பக்கவாட்டில் நெளிகிறது

இரு முனைகளிலும் கீல் போட்ட தூணை எடுத்துக்கொள்வோம். முனைகள் திரும்பலாம், பக்கவாட்டில் நகர முடியாது. மேலிருந்து P என்ற சுமை அழுத்துகிறது. தூணின் நடுப்பகுதி ஏதோ ஒரு காரணத்தால், காற்றோ தட்டலோ எதுவானாலும் சரி, y அளவு விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுமை செல்லும் நேர்கோட்டிலிருந்து நடுப்பகுதி y தூரம் தள்ளி இருப்பதால், P × y என்ற வளைவுத் திருப்புத்திறன் பிறந்து தூணை இன்னும் வளைக்கப் பார்க்கிறது. வளைந்த தூணோ தன் விறைப்பால் நிமிரப் பார்க்கிறது. எந்த அளவுக்கு வளைந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் எதிர்ப்பும் இருக்கும்: E × I × வளைவு. E என்பது யங் குணகம், பொருளின் விறைப்பை அளப்பது; எஃகுக்குச் சுமார் 200,000 நியூட்டன்/மி.மீ.². I என்பது குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன். பொருள் நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதை அது அளக்கிறது.

வளைந்த தூணின் வடிவம் ஒரு சைன் அலையின் பாதி. அந்த வடிவத்துக்கு நடுவில் உள்ள வளைவு π²y/L². எனவே வளைப்பதும் நிமிர்த்துவதும் சமமாகும் நிலை இது:

```
P · y = E · I · π² · y / L²
```

இரு பக்கமும் y இருக்கிறது, அடித்துவிடலாம். மிஞ்சுவது:

```
Pcr = π² E I / L²
```

இந்த y அடிபட்டுப் போவதில்தான் நெளிவின் இயல்பு முழுவதும் இருக்கிறது. சுமை Pcr-க்குக் கீழே இருந்தால், எவ்வளவு விலக்கினாலும் நிமிர்த்தும் பக்கமே வெல்லும். கையை எடுத்ததும் தூண் நேராகிவிடும். Pcr-ஐத் தாண்டினால், மயிரிழை விலகலுக்கும் வளைக்கும் பக்கமே வெல்லும். சரியாக Pcr-இல், விலகல் எவ்வளவு இருந்தாலும் தூண் அப்படியே நிற்கும். அதனால்தான் இதற்கு மாறுநிலைச் சுமை என்று பெயர். லியோன்ஹார்ட் ஆய்லர் இந்த முடிவை 1744-இலேயே எழுதிவிட்டார். எஃகுத் தூண்கள் புழக்கத்துக்கு வரும் முன்பே அதற்கான கணக்கு தயாராக இருந்தது.

சூத்திரத்தில் எது இல்லை என்பதையும் பாருங்கள். யீல்டு தகைவு இதில் எங்கும் வரவில்லை. மெலிந்த தூணுக்கு 250-க்குப் பதில் 350 தர எஃகு வாங்கிப் போட்டால் மாறுநிலைச் சுமை ஒரு நியூட்டன்கூட ஏறாது. எல்லா எஃகுக்கும் E ஏறக்குறைய ஒன்றுதான். "பலமான எஃகு போட்டிருக்கிறோம்" என்ற தைரியம் இங்கே செல்லாது.

நம் குழாய்க்கு I = (60⁴ − 52⁴)/12 = 470,700 மி.மீ.⁴. L = 3000 மி.மீ. போட்டால் Pcr = 103 கிலோ நியூட்டன். கீல்–கீல் தூணுக்கு இதுவே விடை. எஃகின் வலிமையில் பாதிகூட இல்லை.

அதே 896 சதுர மி.மீ. எஃகைக் குழாயாக வைக்காமல் திண்மச் சதுரக் கம்பியாக வைத்தால் என்ன ஆகும்? பக்கம் சுமார் 30 மி.மீ. வரும். I வெறும் 66,900. மாறுநிலைச் சுமை 14.7 கிலோ நியூட்டன். எடை அதேதான், தாங்கும் சுமை ஏழில் ஒரு பங்கு. I ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

முனைகள் மாறினால்

ஒவ்வொரு முனை நிலைக்கும் தனித்தனிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாவற்றிலும் அந்தப் பாதி சைன் அலைதான் ஒளிந்திருக்கிறது. அது தூணில் எவ்வளவு நீளத்துக்கு நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். அந்த நீளத்துக்குச் செயல்நீளம் என்று பெயர். KL என்று எழுதுவார்கள்.

```
Pcr = π² E I / (K L)²
```

வளைந்த தூணில் வளைவின் திசை மாறும் இடங்களில் வளைவுத் திருப்புத்திறன் பூஜ்யம். அந்த இடத்தில் ஒரு கீல் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரமே செயல்நீளம்.

இரு முனைகளும் இறுக்கப்பட்ட தூணை வரைந்து பாருங்கள். முனைகள் திரும்ப முடியாது, அதனால் இரு முனைகளிலும் தூண் நேர்க்குத்தாகவே புறப்பட வேண்டும். நடுவில் வயிறு தள்ளும். வளைவு திசை மாறுவது இரு முனைகளிலிருந்தும் கால்பங்கு தூரத்தில். இடையில் மிஞ்சுவது பாதி நீளம். எனவே K = 0.5.

அடி இறுக்கப்பட்டு, தலை எதிலும் பிடிக்கப்படாத தூண், கொடிமரம் மாதிரி. அது அரைகுறை வடிவம்தான். அடியில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழுப் பாதி அலை தெரியும். அதன் நீளம் 2L. எனவே K = 2.

அடி இறுக்கம், தலை கீல் என்றால் சமச்சீர் போய்விடும். திசை மாறும் புள்ளி அடியிலிருந்து 0.3L உயரத்தில் விழுகிறது, மிஞ்சுவது 0.7L. துல்லியமாகச் சொன்னால் 0.699. tan x = x என்ற சமன்பாட்டின் முதல் தீர்வான 4.493-ஆல் π-ஐ வகுத்தால் அது வரும். வேலைக்கு 0.7 போதும்.

நம் குழாய்க்கு இவற்றைப் பொருத்தினால்:

| முனைகள் | K | KL (மி.மீ.) | ஆய்லர் சுமை (கிலோ நியூட்டன்) |
|---|---|---|---|
| இறுக்கம் – கட்டற்றது | 2 | 6000 | 25.8 |
| கீல் – கீல் | 1 | 3000 | 103 |
| இறுக்கம் – கீல் | 0.7 | 2100 | 211 |
| இறுக்கம் – இறுக்கம் | 0.5 | 1500 | 413 |

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் 16 மடங்கு வித்தியாசம். செயல்நீளம் வர்க்கமாக வருவதால்தான் இவ்வளவு பெரிய தாவல்.

மெலிவு விகிதம் எதைச் சோதிக்கிறது

ஆய்லர் ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் வைத்திருந்தார்: பொருள் எப்போதும் மீட்சியோடு இருக்கும், தகைவு எவ்வளவு ஏறினாலும் E மாறாது. மெலிந்த தூணில் இது சரி, ஏனென்றால் தகைவு ஏறுவதற்கு முன்பே அது நெளிந்துவிடும். தடித்த, குட்டையான தூணிலோ நெளிவதற்கு முன்பே எஃகு இளகிவிடும். அப்போது சூத்திரத்தின் அடித்தளமே இல்லை.

எது மெலிந்தது, எது தடித்தது என்று சொல்ல நீளம் மட்டும் போதாது; குறுக்குவெட்டையும் சேர்க்க வேண்டும். அதற்குச் சுழற்சி ஆரம் r உதவும்:

```
r = √(I / A)
λ = K L / r
```

λ என்பது மெலிவு விகிதம். இதற்கு அலகு கிடையாது. நம் குழாய்க்கு r = √(470,700/896) = 22.9 மி.மீ.

ஆய்லர் சுமையைப் பரப்பால் வகுத்தால், மாறுநிலைத் தகைவு π²E/λ² என்று சுருங்கும். இது யீல்டு தகைவுக்குச் சமமாகும் இடமே எல்லை:

```
λ எல்லை = π √(E / fy) = π √(200000 / 250) ≈ 89
```

λ இதற்குக் கீழே இருந்தால் ஆய்லர் சொல்லும் தகைவு 250-ஐத் தாண்டிவிடும். விடையை வாங்கிக்கொள்ளக் கூடாது. நான்கு நிலைகளையும் சோதிப்போம். கட்டற்ற தலைக்கு λ = 262, கீல்–கீலுக்கு 131, இறுக்கம்–கீலுக்கு 92, இறுக்கம்–இறுக்கத்துக்கு 65. கடைசியில் உள்ள 65, 89-க்குக் கீழே. அந்த 413 பொய் என்பது இங்கே அம்பலமாகிறது.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது 413 அல்ல, 211. அதைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 224-க்குக் கீழேதான் இருக்கிறது, λ-வும் 92, எல்லையை மயிரிழையில் தாண்டித் தேறிவிட்டது. சோதனையில் பாஸ் என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டத் தோன்றும். உண்மையில் ஆய்லர் விடை, யீல்டு விடை இரண்டில் சிறியதற்கும், தூண்களை நிஜமாக அழுத்திப் பார்த்தால் வரும் விடைக்கும் இடைவெளி அதிகம் விழுவது சரியாக இந்த எல்லையின் அருகில்தான்.

காரணம் இதுதான். உருட்டிய அல்லது வெல்டிங் செய்த எஃகு உறுப்புகள் ஆறும்போது எல்லா இடமும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. அதனால் உள்ளே எஞ்சிய தகைவுகள் தங்கிவிடுகின்றன. வெளிச்சுமை இல்லாதபோதே சில பகுதிகள் அழுத்தத்தில் இருக்கும். சுமை ஏறும்போது அந்தப் பகுதிகள் முதலில் இளகி, வளைவை எதிர்க்கும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளும். சராசரித் தகைவு 250-ஐத் தொடுவதற்கு வெகு முன்பே விறைப்பு குறையத் தொடங்கிவிடும்.

இந்த இடைப்பட்ட பகுதிக்கு எளிமையான வழி ஜான்சனின் பரவளையம். தகைவு யீல்டில் பாதியை எட்டும் வரை மட்டுமே ஆய்லரை நம்பி, அதற்கு மேல் ஒரு வளைகோட்டால் இறக்கிவிடுகிறது. அது தொடங்கும் எல்லை π√(2E/fy), நம் எஃகுக்கு 126. அதற்குக் கீழே:

```
σcr = fy [ 1 − fy λ² / (4 π² E) ]
```

இறுக்கம்–கீல் நிலைக்கு λ = 92 போட்டால் தகைவு சுமார் 184, சுமை 164 கிலோ நியூட்டன். ஆய்லர் சொன்னது 211. இறுக்கம்–இறுக்கத்துக்கு λ = 65, தகைவு 216, சுமை 194 கிலோ நியூட்டன். ஆய்லர் சொன்னது 413. மேலே உள்ள இரண்டு நிலைகளிலும் λ 126-ஐத் தாண்டிவிடுவதால் ஆய்லர் விடையே நிற்கும்: 103, 26. ஆக 16 மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் ஏழரை மடங்காகச் சுருங்கிவிட்டது. முனைகளை இறுக்குவதால் கிடைக்கும் லாபத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை விதிப்பது எஃகின் யீல்டு.

350 தர எஃகின் கதையும் இங்கேதான் மாறுகிறது. மெலிந்த தூணில் அதனால் பயனில்லை என்றேன். λ = 65 உள்ள தூணில் பயன் உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் எஃகின் தரத்தை மாற்றுவது பணத்தை இறைப்பது.

நேரான தூண் என்று ஒன்று கிடையாது

ஆய்லரின் இன்னொரு கற்பனை, தூண் பிசிறில்லாமல் நேராக இருக்கிறது என்பது. உண்மையான குழாய் சற்றே வளைந்துதான் வரும். நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வது வழக்கம். 3 மீட்டருக்கு 3 மி.மீ. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு.

இப்படி வளைந்த தூணில் சுமை ஏற ஏற அந்த 3 மி.மீ. பெருகும். பெருக்கும் காரணி 1/(1 − P/Pcr). கீல்–கீல் நிலையில் Pcr = 103 என்று வைத்துக் கணக்கிடுவோம். 52 கிலோ நியூட்டனில், அதாவது பாதிச் சுமையில், வளைவு 6 மி.மீ. ஆகியிருக்கும். 80-இல் 13 மி.மீ. 90-இல் 23 மி.மீ. சுமை 80-லிருந்து 90-க்குப் போனபோது ஏறியது எட்டில் ஒரு பங்கு. வளைவு முக்கால் மடங்கு ஏறிவிட்டது.

வளைவு இருந்தால் வளைவுத் தகைவும் சேரும். 91 கிலோ நியூட்டனில் நேர் அழுத்தத்தால் வரும் தகைவு 102. வளைவு 25 மி.மீ. என்பதால் திருப்புத்திறன் சுமார் 23 லட்சம் நியூட்டன்–மி.மீ. அதை I/30 = 15,690-ஆல் வகுத்தால் 147. இரண்டும் சேர்ந்து 249. உள்பக்க விளிம்பு இளகத் தொடங்குகிறது. ஆக இந்தத் தூண் உண்மையில் கைவிடும் சுமை 91-ஐ ஒட்டித்தான், 103 அல்ல. கட்டுமான நெறிகள் ஆய்லரை அப்படியே பயன்படுத்தாமல் தனி வளைகோடுகளைத் தருவதற்கு இதுதான் காரணம். எஞ்சிய தகைவும் தொடக்க வளைவும் அந்த வளைகோடுகளுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

நெளிவை முன்கூட்டியே பிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஓர் உறுப்பின் பக்கவாட்டு விலகலை அளந்து வாருங்கள். சுமை சீராக ஏறும்போது விலகல் சீராக ஏறாமல் தாவித் தாவி ஏறினால், அது மாறுநிலைச் சுமையை நெருங்குகிறது. கனடாவில் கியூபெக் பாலம் கட்டப்பட்டபோது கீழ்த்தண்டின் அழுத்த உறுப்புகள் வளைந்திருப்பதும், அந்த வளைவு நாளுக்கு நாள் கூடுவதும் அளந்து பதிவாகியிருந்தன. தண்டின் பட்டைகளை ஒன்றாகப் பிணைத்த பின்னல் கம்பிகள் போதுமானவையாக இல்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று தண்டு நெளிந்து பாலம் விழுந்தது; 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். எஃகு பலவீனமாக இருந்ததால் விழுந்த பாலம் அல்ல அது.

காகிதத்தில் இறுக்கம், களத்தில் தளர்வு

K-ஐத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் "இறுக்கம்" என்று ஒரு கோடு போட்டுவிடலாம். களத்தில் அது ஒரு பேஸ் பிளேட், நான்கு ஆங்கர் போல்ட், கீழே கான்கிரீட், அதன் கீழே மண். போல்ட் சற்று நீளும், பிளேட் சற்று வளையும், அஸ்திவாரம் சற்றுத் திரும்பும். முற்றிலும் திரும்பாத முனை என்று ஒன்று கிடையாது. அதனால் வடிவமைப்பில் 0.5-க்குப் பதில் 0.65, 0.7-க்குப் பதில் 0.8 என்று எடுப்பது வழக்கம். நம் குழாயில் 0.65 போட்டால் λ = 85, சுமை 194-லிருந்து 173-ஆக இறங்கும். 0.8 போட்டால் λ = 105, சுமை 164-லிருந்து 146. கீல்–கீலுக்கு 1 அப்படியே இருக்கும். உண்மையான கீலும் கொஞ்சம் உராயத்தான் செய்யும், ஆனால் அந்தப் பிழை பாதுகாப்பான பக்கம்.

பிளேட்டின் மையத்தை ஒட்டி இரண்டே போல்ட் இருந்தால் அதை இறுக்கம் என்று நான் எண்ணமாட்டேன். கீல் என்றே கணக்குப் போடுவேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மேலே சொன்ன 0.5, தலை பக்கவாட்டில் நகராது என்று எடுத்துக்கொள்கிறது. தலை திரும்பாமல் மட்டும் பிடிக்கப்பட்டு, பக்கவாட்டில் சரியச் சுதந்திரம் இருந்தால்? கனமான உத்திரத்தோடு வெல்டிங் செய்யப்பட்ட, ஆனால் சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பிகளான பிரேசிங் இல்லாத சட்டகத்தின் தூண்கள் இப்படித்தான். எல்லாத் தூண்களும் ஒரே பக்கம் சாயும். அப்போது வளைவு திசை மாறும் புள்ளி தூணின் நடுவில் ஒன்றே ஒன்றுதான், K = 1. வடிவமைப்புக்கு 1.2 எடுப்பார்கள். 0.5-ஐ நம்பியவருக்கு ஆய்லர் சுமை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அடி கீலாகவும் தலை திரும்பாமல் சரிய மட்டும் கூடியதாகவும் இருந்தால் K = 2. முனை திரும்புமா என்று கேட்பதற்கு முன்பே, தலை நகருமா என்று கேட்டுவிட வேண்டும்.

சதுரக் குழாய்க்கு எல்லாத் திசையிலும் I ஒன்றே என்பதால் நமக்கு ஒரு தலைவலி மிச்சம். ஐ வடிவ உத்திரத்தைத் தூணாக நிறுத்தினால் இரண்டு அச்சுகளுக்கும் r வேறு வேறு. பல சமயம் K-யும் வேறு வேறு. ஒரு திசையில் சுவர் பிடித்திருக்கும், மறு திசையில் எதுவும் இருக்காது. இரண்டு λ-வையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். தூண் எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம்தான் நெளியும், நாம் வரைந்த பக்கம் அல்ல.

40 கிலோ நியூட்டன் சுமைக்கு ஒரு சோதனை

நம் குழாய் 40 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 4 டன், சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக் காரணி 2. எனவே 80 கிலோ நியூட்டன் வரை நிற்க வேண்டும்.

கீல்–கீலாக இருந்தால் λ = 131. 126-ஐத் தாண்டிவிட்டதால் ஆய்லர் செல்லும்: 103. தொடக்க வளைவைச் சேர்த்தால் 91. இரண்டுமே 80-க்கு மேல். இன்னொரு சோதனையும் உண்டு. முக்கிய அழுத்த உறுப்புகளின் λ 180 அல்லது 200-ஐத் தாண்டக் கூடாது என்று பல நெறிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அதற்கு மேல் போனால் தற்செயலாக இடித்தாலே வளைந்துவிடும், தூக்கி நிறுத்துவதே சிரமம். 131 இதிலும் தேறுகிறது.

அதே குழாயின் தலையைப் பிடிக்க வழியில்லை, கட்டற்ற முனைதான் என்றால் λ = 262, சுமை 26. இரண்டிலும் தோல்வி. பாதுகாப்புக் காரணியை எடுத்துவிட்டாலும் 40-ஐத் தாங்காது.

என்ன செய்யலாம்? முதலில் தோன்றுவது சுவரைத் தடிமனாக்குவது. 4 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. போட்டுப் பார்க்கிறோம். I = 767,700, சுமை 42 கிலோ நியூட்டன். எஃகு 896-லிருந்து 1664 சதுர மி.மீ.க்கு ஏறிவிட்டது, ஏறக்குறைய இரட்டிப்பு; 80-க்குப் பாதிதான் வந்திருக்கிறோம். இப்போது தடிமனை 4-லேயே வைத்துவிட்டு வெளிப்பக்க அளவை 90 மி.மீ. ஆக்குவோம். I = 1,699,800. பரப்பு 1376, முந்தைய முயற்சியைவிடக் குறைவு. r = 35.1, λ = 6000/35.1 = 171, சுமை 93 கிலோ நியூட்டன். 80-ஐத் தாண்டிவிட்டது, λ-வும் 180-க்குள், நெருக்கமாகத்தான் என்றாலும். தொடக்க வளைவு இதையும் கொஞ்சம் அரிக்கும் என்பதால் நான் 100 மி.மீ. குழாயைத்தான் கேட்பேன்.

இந்த வழியிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வெளி அளவைக் கூட்டிக்கொண்டே போய்ச் சுவரை மெல்லிசாக்கினால், தூண் முழுதாக நெளிவதற்கு முன்பே குழாயின் சுவர் மட்டும் தகரம்போல் சுருங்கி நெளிந்துவிடும். λ அதைக் காட்டிக் கொடுக்காது. சுவரின் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டும். 90-க்கு 4 போட்ட குழாயில் அது 82/4, சுமார் 20. அந்த அளவில் சுவர் நெளிவு பற்றிக் கவலையில்லை.

தலையைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு பிரேசிங் போட இடமிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. K = 2 என்பது ஒரே அடியில் 0.8-ஆக இறங்கும், பழைய 60 மி.மீ. குழாயே 146 கிலோ நியூட்டன் தாங்கும். ஆனால் அந்தப் பிரேசிங் இரண்டு திசைகளிலும் வேண்டும். ஒரு திசையில் மட்டும் போட்டால், மற்றத் திசையில் λ இன்னமும் 262-தான்.